கருத்தடை மாத்திரையும் சினைப்பை, கருப்பைப் புற்றுநோயும்: ஆயிரம் பெண்களில் எத்தனை பேருக்கு நன்மை?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்துக் குடும்பங்களில் கருத்தடை மாத்திரை பற்றிப் பேச்சு வந்தால், கூடவே ஒரு எச்சரிக்கையும் வந்துவிடும். "அதைத் தொடர்ந்து சாப்பிட்டால் கர்ப்பப்பையில் புற்று வரும்" என்று மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டு ஆபா சொல்வார். சில நேரம் மருந்துக்கடையில் நிற்பவரும் சொல்வார். இன்னொரு பக்கம், "மாத்திரை சாப்பிட்டால் ஓவரி கேன்சர் பாதியாகக் குறையும்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது. முதல் பேச்சு தவறு. இரண்டாவது செய்தி உண்மைதான். ஆனால் "பாதி" என்றால் எதில் பாதி என்று அது சொல்வதில்லை.

எதில் பாதி என்று சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு நிகழ்வு உண்டு. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சில புதிய வகை கருத்தடை மாத்திரைகளால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் அபாயம் இருமடங்கு ஆகிறது என்பது செய்தி. பீதியடைந்த பெண்கள் பலர் மாத்திரையை அப்படியே நிறுத்தினார்கள். இருமடங்கு என்றது எதை? பழைய மாத்திரை சாப்பிட்ட 7000 பேரில் ஒருவருக்கு வந்தது, புதிய மாத்திரையில் 7000 பேரில் இரண்டு பேருக்கு வந்தது. அவ்வளவுதான். ஆனால் அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாக சுமார் 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாகக் கணக்கிட்டார்கள். "இருமடங்கு" என்ற சொல்லோடு சேர்த்து 7000 என்ற எண்ணையும் சொல்லியிருந்தால் இத்தனை விபரீதம் நேர்ந்திருக்காது.

ஆகவே இந்தக் கட்டுரையில் சதவீதத்தைக் கூடியவரை ஒதுக்கிவிட்டு, தலைகளை எண்ணுவோம். நம் பகுதியில் எண்ணுவதற்கு வசதியான இடம் ஷூ கம்பெனிதான். அப்பர் தைக்கும் பிரிவில் வரிசை வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி 1000 பெண்கள் வேலை செய்யும் ஒரு கம்பெனியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாத்திரையைப் பற்றிப் பேசுகிறோம்?

இதை முதலில் தெளிவுபடுத்தாவிட்டால் பின்னால் வரும் கணக்கெல்லாம் குழம்பிவிடும். நம் பெண்களில் பலருக்கு "பீரியட்ஸ் மாத்திரை" என்றாலே நினைவுக்கு வருவது ஹஜ், உம்ரா பயணத்தின்போதோ ரமளானிலோ மாதவிடாயைத் தள்ளிப்போடச் சாப்பிடும் மாத்திரைதான். அது நார்எதிஸ்டிரோன் என்ற ஒற்றை ஹார்மோன். சில நாட்கள், மிஞ்சினால் சில வாரங்கள் சாப்பிடுவது. புற்றுநோய்ப் பாதுகாப்புக் கணக்கில் அது சேராது. அவசரத்துக்கு ஒருமுறை சாப்பிடும் கருத்தடை மாத்திரையும் சேராது. வாரக் கணக்கில் சாப்பிடும் "சாயா" மாத்திரை ஹார்மோனே அல்ல. கீழே சொல்லப்போகும் ஆய்வுகள் எதுவும் அதற்குப் பொருந்தாது.

நாம் பேசுவது தினமும் ஒன்றாகச் சாப்பிடும், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் இரண்டும் கலந்த மாத்திரை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் "மாலா-என்" இந்த வகை. ஓர் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். அவற்றில் 21 ஹார்மோன் மாத்திரைகள், மீதி 7 பழுப்பு நிறத்தில் உள்ள இரும்புச்சத்து மாத்திரைகள்.

தமிழ்நாட்டில் இதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் நூற்றுக்கு சுமார் 58 பேர் குடும்பக்கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நிரந்தர அறுவையில் மார்க்க ரீதியாகத் தயக்கம் உள்ள நம் குடும்பங்கள், கணவன் மனைவி இருவரும் சம்மதித்துப் பிள்ளைப்பேற்றைத் தற்காலிகமாகத் தள்ளிப்போடுவதை ஆலிம்கள் பலர் அனுமதித்திருக்கிறார்கள் என்பதை அறிந்தவைதான். அப்படியிருந்தும் மாத்திரை பக்கம் போகாததற்குப் பெரிய காரணம் புற்றுநோய் பயம். அந்த பயத்துக்கு அடிப்படை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சினைப்பை: பன்னிரண்டு எட்டாகிறது

2008இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த வேலரி பெரல் தலைமையிலான குழு, 21 நாடுகளில் நடந்த 45 ஆய்வுகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து அலசியது. சினைப்பைப் புற்றுநோய் வந்த 23,257 பெண்களையும், அது வராத 87,303 பெண்களையும் ஒப்பிட்டார்கள்.

கிடைத்த விடையை நம் கம்பெனிக் கணக்கில் சொன்னால் இப்படி வரும். மேலைநாடுகளில் மாத்திரையே சாப்பிடாத 1000 பெண்களில், 75 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வருவது 12 பேருக்கு. பத்து ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்ட 1000 பெண்களில் வருவது 8 பேருக்கு. இறப்பவர்கள் 7 பேராக இருந்தது 5 பேராகக் குறைகிறது. "மூன்றில் ஒரு பங்கு குறைகிறது" என்று செய்தி போடலாம், அது பொய்யல்ல. "1000 பேரில் 4 பேருக்கு நன்மை, மீதி 996 பேருக்கு இந்த விஷயத்தில் எந்த வித்தியாசமும் இல்லை" என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே விவரம்தான். முடிவெடுக்கப்போகும் பெண்ணுக்கு உதவுவது இரண்டாவது வாக்கியம்.

இந்தப் பாதுகாப்பின் சிறப்பு அதன் ஆயுள். மாத்திரையை நிறுத்தி 30 ஆண்டுகள் கடந்த பிறகும், குறைந்த அளவிலாவது, அது நீடிக்கிறது. முப்பது வயதில் மாத்திரையை விட்ட பெண்ணுக்கு, இந்நோய் அதிகம் தாக்கும் அறுபது வயதிலும் அதன் பலன் மிச்சமிருக்கிறது. எத்தனை ஆண்டுகள் சாப்பிட்டார் என்ற மொத்தக் கணக்குதான் முக்கியம். ஆண்டுகள் கூடக்கூடப் பலனும் கூடுகிறது. சுமார் 15 ஆண்டுகள் சாப்பிட்டவர்களுக்குத்தான் அபாயம் பாதியாகிறது. வாட்ஸ்அப் செய்தியின் "பாதி" இங்கிருந்து வந்தது. 15 ஆண்டு என்பதை மட்டும் யாரோ வழியில் தொலைத்துவிட்டார்கள்.

ஏன் குறைகிறது? மாதந்தோறும் முட்டை வெளியேறும்போது சினைப்பையின் மேற்பரப்பு கிழிந்து ஆறுகிறது. பக்கத்தில் உள்ள கருக்குழாயின் நுனியும் அந்தத் திரவத்தில் நனைகிறது. இப்புற்றுநோயில் பெரும்பகுதி அந்த நுனியில்தான் தொடங்குகிறது என்று இப்போது கருதுகிறார்கள். மாத்திரை முட்டை வெளியேறுவதை நிறுத்துவதால் இந்தத் தேய்மானம் குறைகிறது. கர்ப்பமும் நீண்ட தாய்ப்பாலும் இதே வேலையைச் செய்கின்றன. மூன்று நான்கு பிள்ளைகள் பெற்று ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆண்டு பாலூட்டிய பெண்ணுக்கு இந்தப் பாதுகாப்பில் ஒரு பகுதி ஏற்கெனவே கிடைத்திருக்கிறது.

கருப்பை: இங்கே நன்மை இன்னும் பெரிது

கருப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோய் பற்றி அதே ஆக்ஸ்போர்டு குழு 2015இல் கணக்கு வெளியிட்டது. இதில் 36 ஆய்வுகள், நோய் வந்த 27,276 பெண்கள். மேலைநாட்டுக் கணக்கில், மாத்திரை சாப்பிடாத 1000 பேரில் 75 வயதுக்குள் 23 பேருக்கு இந்நோய் வருகிறது. பத்து ஆண்டுகள் சாப்பிட்டவர்களில் 13 பேருக்கு. ஆயிரத்துக்குப் பத்து பேர் தப்புகிறார்கள். இதுவும் 30 ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கிறது.

இங்கே காரணம் வேறு. ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்யும். புரோஜெஸ்டோஜன் அதைக் கட்டுப்படுத்தும். மாத்திரையில் புரோஜெஸ்டோஜன் இருப்பதால் உட்சுவர் மெல்லியதாகவே இருக்கிறது. ஓவரியில் நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) உள்ள பெண்களுக்கு மூன்று நான்கு மாதங்கள் மாதவிடாய் வராமல் இருக்கும்போது, உட்சுவர் கட்டுப்பாடின்றித் தடித்துக்கொண்டே போகும். அவர்களுக்கு மருத்துவர் இந்த மாத்திரையை எழுதிக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கல்யாணமாகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா என்று தாய்மார்கள் திகைப்பதுண்டு. அங்கே அது கருத்தடைக்காக அல்ல.

நம் ஊருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்துமா?

பொருந்தாது. மேலே சொன்ன 12ம் 23ம் பணக்கார நாடுகளின் எண்கள். கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டில், இந்தியா முழுவதிலும் சேர்த்து இந்நோய் வந்தவர்கள் சுமார் 16,400 பேர். தமிழ்நாட்டைவிட மக்கள்தொகை குறைந்த பிரிட்டனில் மட்டும் ஆண்டுக்கு 9,000 பேருக்கு மேல். நம் மக்கள்தொகையில் இளவயதினர் அதிகம் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் நம்மிடம் இந்நோய் பல மடங்கு குறைவு.

ஆகவே பயனையும் அதே விகிதத்தில் சுருக்க வேண்டும். சினைப்பைப் புற்றுநோய் நம்மிடம் மேலைநாட்டில் பாதி அளவு என்றும், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் ஆறில் ஒரு பங்கு என்றும் தோராயமாக வைத்துக்கொள்வோம். நம் ஷூ கம்பெனியின் 1000 பெண்களும் பத்து ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டால், சினைப்பையில் சுமார் 2 பேரும் கருப்பையில் ஒருவர் அல்லது இருவரும் தப்புவார்கள். இது என் கணக்கு, ஆய்வின் முடிவல்ல. அடிப்படை அபாயம் குறைந்த ஊரில் பாதுகாப்பின் அளவும் குறையும் என்பதைக் காட்டத்தான் இதைச் சொல்கிறேன். சர்க்கரை நோயும் உடல் பருமனும் கூடிக்கொண்டே போனால் கருப்பைக் கணக்கு மாறும். ஆம்பூர் வீடுகளில் அது மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

தராசின் மறுதட்டு

நன்மையை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையல்ல. கருப்பை வாய்ப் புற்றுநோயை மாத்திரை ஓரளவு கூட்டுகிறது. 2007இல் வெளிவந்த கூட்டாய்வு வளரும் நாடுகளுக்கென்றே தனியாகக் கணக்குப் போட்டிருக்கிறது. 20 வயது முதல் 30 வரை பத்து ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டால், 50 வயதுக்குள் இந்நோய் வருபவர்கள் 1000 பேரில் 7.3 என்பதிலிருந்து 8.3 ஆக உயர்கிறார்கள். அதாவது ஆயிரத்துக்கு ஒருவர் கூடுதல். நிறுத்திப் பத்து ஆண்டுகளில் இந்தக் கூடுதல் மறைந்துவிடுகிறது.

"கர்ப்பப்பை புற்று" என்று நம் வீடுகளில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்வதால்தான் குழப்பம். கருப்பையின் உட்சுவரும் கருப்பை வாயும் வெவ்வேறு இடங்கள், நோய்களும் வெவ்வேறு. மாத்திரை ஒன்றைக் குறைத்து இன்னொன்றைச் சிறிது கூட்டுகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அடிப்படைக் காரணம் எச்பிவி என்ற கிருமி. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் சில நிமிடங்களில் முடியும் பரிசோதனையும் இருக்கிறது. சினைப்பைக்கு அப்படி எதுவும் இல்லை. பிரிட்டனில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை ஸ்கேன், இரத்தப் பரிசோதனை மூலம் பல ஆண்டுகள் கண்காணித்தும் இறப்பு குறையவில்லை என்று 2021இல் முடிவு வந்தது. தேடிக் கண்டுபிடிக்க முடியாத நோயில் ஆயிரத்துக்கு இரண்டு பேர் தப்புவதையும், தேடினால் முன்கூட்டியே சிக்கும் நோயில் ஒருவர் கூடுவதையும் ஒரே எடையாக நான் பார்க்கவில்லை. ஆனால் பரிசோதனைக்குப் போகாத பெண்ணுக்கு இந்த வாதம் உதவாது.

மார்பகப் புற்றுநோயும் மாத்திரை சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய சில ஆண்டுகளுக்கும் சற்றுக் கூடுகிறது. டென்மார்க்கில் 18 இலட்சம் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 7,690 பேர் ஓராண்டு ஹார்மோன் கருத்தடை பயன்படுத்தினால் ஒருவருக்குக் கூடுதலாக வருகிறது. 35 வயதுக்குக் கீழே என்றால் 50,000 பேருக்கு ஒருவர்.

ஒரு பெண்ணின் கணக்கு

ஆம்பூர்க் கம்பெனியில் அப்பர் தைக்கும் 27 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு பிள்ளைகள். சின்னவன் பால்குடி மறந்துவிட்டான். அடுத்த பிள்ளை ஐந்து ஆண்டு கழித்துப் போதும் என்று கணவனும் மனைவியும் முடிவு செய்கிறார்கள். அவர் மாலா-என் தொடங்குகிறார். அவரைப்போல 1000 பேர் ஐந்து ஆண்டுகள் சாப்பிட்டால் என்ன ஆகும்?

மேலைநாட்டு எண்களில், 75 வயதுக்குள் 2 சினைப்பைப் புற்றுநோய்கள் தடுக்கப்படும். ஓர் இறப்பு தவிர்க்கப்படும். கருப்பை உட்சுவரில் ஏறக்குறைய 5 குறையும். நம் ஊர் விகிதத்தில் இரண்டுமே ஆயிரத்துக்கு ஒன்று அளவில் வந்து நிற்கும். இந்த நன்மை அவர்களுக்கு ஐம்பது, அறுபது வயதில் வந்து சேரும்.

தீமையோ உடனே வரும். இந்த வகை மாத்திரை சாப்பிடும் 10,000 பெண்களில் ஆண்டுக்கு 5 முதல் 7 பேருக்குக் காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைகிறது. சாப்பிடாதவர்களில் 2 பேருக்கு. நம் 1000 பேரின் ஐந்து ஆண்டுகளில் கூடுதலாக சுமார் 2 பேர். கர்ப்ப காலத்திலும் பேறுகாலத்துக்குப் பிறகும் உறையும் அபாயம் இதைவிட அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த அபாயம் முதல் ஆண்டில்தான் அதிகம். விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கினாலும் அப்படியே. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.

ஆகவே அந்தப் பெண், புற்றுநோயைத் தடுப்பதற்காக மட்டும் மாத்திரை தொடங்குவது சரியான காரணமல்ல. பிள்ளை இடைவெளிக்காகச் சாப்பிடுகிறார் என்றால், புற்றுநோய் பயத்தால் அதை நிறுத்துவதும் சரியான காரணமல்ல. அவருக்கு இரத்த அழுத்தம் 140/90க்கு மேல் இருந்தாலோ, கண்ணில் மின்னல் வெட்டுவதுபோலத் தோன்றி ஒற்றைத் தலைவலி வந்தாலோ, முன்பு இரத்த உறைவோ மார்பகப் புற்றுநோயோ கல்லீரல் நோயோ வந்திருந்தாலோ இந்த மாத்திரை அவருக்கு ஆகாது. குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் கொடுப்பவருக்கும் இது ஏற்றதல்ல. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு மாத்திரையின் வேலையே குறைந்துவிடும். சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தம் பார்க்காமல் அட்டையை மட்டும் நீட்டினால், பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தாய்க்கும் சித்திக்கும் பாட்டிக்கும் என்று குடும்பத்தில் அடுத்தடுத்துச் சினைப்பை, மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் கணக்கே வேறு. பிஆர்சிஏ1 என்ற மரபணு மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் நூற்றுக்கு 44 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோய் வருகிறது. அவர்களிடமும் மாத்திரை அபாயத்தைக் குறைக்கிறது. ஆனால் அது போதாது. உரிய வயதில் சினைப்பையையும் கருக்குழாயையும் அகற்றுவது பற்றி மரபணு ஆலோசனை தரும் மருத்துவரிடம்தான் பேச வேண்டும். அந்தப் பெண்களுக்கு மாத்திரையால் மார்பகத்துக்கு என்ன ஆகும் என்பதும் அங்கே பேச வேண்டிய விஷயம்.

மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 12 பேர் 8 ஆகிறார்களே தவிர, பூஜ்யம் ஆவதில்லை. "நான்தான் பத்து வருஷம் மாத்திரை சாப்பிட்டேனே" என்று அறிகுறியை ஒதுக்குவது ஆபத்து. மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அது கருப்பையைப் பார்க்கச் சொல்லும் அறிகுறி. ஸ்கேனில் உட்சுவரின் தடிப்பை அளந்து, தேவைப்பட்டால் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். ஆரம்பத்தில் வந்தால் பெரும்பாலும் அறுவையிலேயே குணமாகிவிடும். சினைப்பைக்கு அறிகுறி இவ்வளவு தெளிவாக இருக்காது. வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் என எல்லாம் "கேஸ்" போலவே தெரியும். இவை புதிதாகத் தொடங்கி, மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் இருந்தால், அதிலும் ஐம்பதைத் தாண்டியவராக இருந்தால், கேஸ் மாத்திரையோடு நிறுத்தாமல் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சிஎம்சியிலோ மகளிர் மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். இளவயதில் எந்த மாத்திரையை எத்தனை ஆண்டு சாப்பிட்டீர்கள் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.